வர முடியாத சேதியைத் தமிழில் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கு உத்தரவு வருகிறது: சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகத்தில் இருந்தே ஆகவேண்டும். கல்யாண வீட்டுக்காரர் யாரோ எவரோ இல்லை, அப்பாவின் நெடுநாள் நண்பர். போன மாதம் மனைவியோடு ரயிலேறி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக் கொடுத்து, ‘குடும்பத்தோட வந்துடணும்’ என்று சொல்லிவிட்டுப் போனவர். இளைஞருக்கு நாளெல்லாம் ஆங்கிலத்தில் எழுதித்தான் பழக்கம். அதனால் வர முடியாது என்ற சேதியும் ஆங்கிலத்தில்தான் கைக்கு வருகிறது. பெரியவருக்கு ஆங்கிலம் வராதே என்று பிறகுதான் உறைக்கிறது. எழுதியதை வரிக்கு வரி தமிழாக்குகிறார்.

“அன்புள்ள ஐயா, நான் மிகவும் வருந்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை திருமணத்திற்கு நான் வரமாட்டேன். வேலையில் ஏதோ ஒன்று வந்துவிட்டது. அதிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை. நீங்கள் நேரில் வந்து அழைத்ததால் இதற்காகப் பயங்கரமாக உணர்கிறேன். நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். இனிய நாளாக அமையட்டும். விரைவில் உங்களுக்கு இதை ஈடுசெய்கிறேன்.”

ஆங்கிலத்தில் இது மரியாதையான, மனம் திறந்த கடிதம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தமிழில் படிக்கும் பெரியவருக்கோ அழைப்பை மறுத்துவிட்டு, வேலைதான் பெரிது என்று சொல்லிவிட்டு, நஷ்டஈடு தருவதாகவும் எழுதியது போலத் தோன்றும். ஒரு சொல்கூட இலக்கணப்படி தப்பில்லை. பணிவு மட்டும் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

பணிவு எங்கே இருக்கிறது என்பதை மொழியியலாளர்கள் வெகுநாளாக ஆராய்ந்து வருகிறார்கள். இதில் தமிழுக்கு ஒரு தனி இடம் உண்டு. பெனிலோப்பி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இருவர் 1978-இல் எழுதிய நீண்ட ஆய்வு, 1987-இல் தனி நூலாகவும் வந்தது. உலகெங்கும் மரியாதைப் பேச்சைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் மாயா இன மக்கள் பேசும் செல்தால், அடுத்தது கோவை வட்டாரத்துக் கிராமத்தில் பேசப்படும் தமிழ். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதோ மறுப்பதோ எவ்வளவு கனமான காரியம் என்பதை மூன்று விஷயங்களை வைத்து அளக்கலாம் என்றார்கள். இருவருக்கும் எவ்வளவு நெருக்கம், யார் மேலே யார் கீழே, கேட்கும் காரியம் எவ்வளவு பெரிது.

நம் மதுரைக் கல்யாணத்தை இந்தத் தராசில் வைத்தால், நெருக்கம் அதிகம், எதிரில் இருப்பவர் பெரியவர், வராமல் இருப்பது சின்ன விஷயமும் அல்ல. எனவே சேதிக்கு இரண்டு குணம் வேண்டும். சொந்தக்காரனைப் போலப் பேசவேண்டும், அதே சமயம் தாழ்ந்தும் பேசவேண்டும். ஆங்கிலச் சேதியில் இருப்பது அலுவலக நண்பருக்கு ஏற்ற சமநிலை. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் நெருக்கமும் போய்விடும், தாழ்மையும் போய்விடும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது விளி. ‘அன்புள்ள ஐயா’ என்பது அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லாத சொல். சின்ன வயதிலிருந்து அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டுப் பழகியவர், எழுதும்போது மட்டும் ஐயா போட்டால் பெரியவர் திடுக்கிடுவார். என்ன கோபமோ என்றுகூட நினைப்பார். ‘மாமா’ என்று வந்துவிட்டால் மற்றவை பாதி தானாகவே அமையும். எழுத்து நடை பேச்சு நடையாக இறங்கும். வினை ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘ங்க’ வந்து உட்காரும். ஆங்கிலத்தின் ‘ப்ளீஸ்’ செய்யும் வேலையில் பெரும்பங்கை அந்த ஒற்றை விகுதி செய்துவிடுகிறது. அதனால் ‘தயவு செய்து’ என்று தனியாக எழுதத் தேவையில்லை. எழுதினால் கெஞ்சுவது போலவோ பேருந்தில் ஒட்டிய அறிவிப்பு போலவோ ஆகிவிடும்.

அடுத்தது யார் பேசுகிறார் என்பது. ஆங்கிலத்தில் ‘நான்’ மட்டும்தான் இருக்கிறது. அழைப்போ வீட்டோடு வந்த அழைப்பு. கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறார்கள். எனவே தமிழில் ‘நாங்க’ என்று வரவேண்டும். ‘நாம’ என்று வரக்கூடாது, அது எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், மாற்றி எழுதும் அவசரத்தில் ‘நாம வர முடியல’ என்று விழுவதுண்டு.

இனி, சேதியின் நடுநரம்புக்கு வரலாம். வரவில்லை என்பதை எப்படிச் சொல்வது?

‘வரமாட்டேன்’ என்றால் வர மனமில்லை என்று பொருள். முடிவெடுத்தவர் நான். ஆங்கிலத்தில் ‘வோன்ட் பீ ஏபிள்’ என்று எழுதியதன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தத் தப்பு நடக்கும். ‘வர முடியாது’ என்பது அகராதிப்படி சரிதான், ஆனால் கதவைச் சாத்துவது போலக் கேட்கும். ‘என்னால முடியாது’ என்று பெரியவர்களிடம் சொன்னால் அது மறுப்பு. ‘வர முடியல’ என்றால் கொஞ்சம் இறங்கிவிடுகிறது, இயலாமைதான் முன்னால் நிற்கிறது. இன்னும் ஒரு படி இறங்கினால் ‘வர முடியாம போயிடுச்சு’ என்பது வரும். இங்கே ‘போ’ என்ற வினைக்கு நடந்து போவது என்ற பொருளே இல்லை. பால் திரிந்து போனது, கரண்ட் போயிடுச்சு என்கிறோமே, அதைப்போல யாரும் செய்யாமல், யார் விருப்பமும் இல்லாமல் ஒன்று நேர்ந்துவிட்டது என்று காட்டும் துணைவினை. தமிழ் இலக்கணத்தை ஆராய்ந்தவர்கள் இத்தகைய துணைவினைகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். பழியை ஆள் மேலிருந்து எடுத்துச் சூழ்நிலையின் மேல் வைக்கும் வேலையை நம் மொழியில் இந்தக் குட்டி வினைகள்தான் செய்கின்றன. ஆங்கிலம் அதற்கு ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்று வாக்கியத்தின் தலையில் ஒரு சொல்லை வைக்கிறது. ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று அதைப் பெயர்த்து வைத்தால் செய்தித்தாளில் விபத்துச் செய்தி படிப்பது போலிருக்கும். வினையின் வாலில் போக வேண்டிய சரக்கு அது.

ஒரு நுணுக்கம் உண்டு. ‘போயிடுச்சு’ நடந்து முடிந்த காரியத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். கல்யாணம் முடிந்த மறுநாள் எழுதினால் ‘வர முடியாம போயிடுச்சு மாமா’ என்று எழுதலாம். கல்யாணம் இன்னும் இரண்டு நாளில் என்றால் ‘வர முடியாத மாதிரி ஆயிடுச்சு’ என்பதுதான் வாய்க்கு வரும். ஈழத்தில் இதையே ‘வர ஏலாமப் போச்சு’ என்பார்கள், கூடவே ‘குறை நினைக்காதேங்கோ’ என்றும் வரும். சொல் வேறு, ஏற்பாடு அதேதான்.

காரணத்தைச் சொல்லும் இடத்தில்தான் இரண்டு பண்பாடுகளும் அதிகம் முட்டிக்கொள்கின்றன. ‘சம்திங் கேம் அப்’ என்று காரணத்தை மூடிவைப்பது ஆங்கிலத்தில் நாகரிகம். என் சொந்த விவகாரத்தைக் கொட்டி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. தமிழில் ஒரு பெரியவரிடம் ‘ஏதோ ஒரு வேலை வந்துடுச்சு’ என்றால் வேறு குறிப்பு போய்ச் சேரும். ஏதோ ஒரு வேலைக்குக் கொடுத்த இடத்தை என் மகள் கல்யாணத்துக்குக் கொடுக்கவில்லையா? இங்கே விவரம்தான் மரியாதை. என்ன வேலை, யார் சொன்னது, எப்போது சொன்னது, தப்பித்துக்கொள்ள என்ன முயற்சி செய்தேன் என்று நாலு வார்த்தை சொல்லவேண்டும். ‘எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், விடமாட்டேங்குறாங்க’ என்ற ஒரு வரி இல்லாத சாக்கு எடுபடாது.

ஆனால் எழுதித் தருபவர் விவரத்தைத் தானாக உண்டாக்கிவிடக் கூடாது. நண்பருக்காகவோ தம்பிக்காகவோ சேதியைத் தமிழில் மாற்றித் தருபவர், டிக்கெட் போட்டிருந்தார்களா, வேறு யாராவது போகிறார்களா, எந்த நேரத்தில் உத்தரவு வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டே எழுதவேண்டும். அழகுக்காகச் சேர்த்த பொய், கல்யாண மண்டபத்தில் அப்பாவிடம் பேச்சு வரும்போது வெளியே வந்துவிடும். கேட்டும் விவரம் கிடைக்காவிட்டால், ‘ஆபீஸ்ல தவிர்க்க முடியாத வேலை’ என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, மற்ற வரிகளில் நெருக்கத்தைக் கூட்டுவதுதான் நியாயம்.

மன்னிப்புக்கு வருவோம். ஆங்கிலச் சேதியில் ‘சோ சாரி’ முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. ‘வருந்துகிறேன்’ என்று அதை மாற்றினால் ரயில் தாமத அறிவிப்பின் குரல் வந்துவிடும். அதைவிட, இரங்கல் சுவரொட்டியில் பார்த்துப் பழகிய சொல் அது. மங்கல காரியத்துக்கு எழுதும் சேதியில் வேண்டாம். ‘சாரி மாமா’ என்று எழுதலாமா? எழுதலாம், இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் கால் தெரியாமல் மிதித்தாலும் சாரிதான், கல்யாணத்துக்கு வராவிட்டாலும் சாரிதான் என்றால் எடை போதவில்லை. தமிழில் இந்த எடையைச் சுமப்பவை எதிராளியின் மனதைத் தொடும் எதிர்மறை வேண்டுகோள்கள்: தப்பா எடுத்துக்காதீங்க, கோவிச்சுக்காதீங்க, மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்குக் கோபம் வர நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு அதை விட்டுவிடச் சொல்கின்றன. ‘புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்’ என்பதற்கும் இதே வரிதான் பதில். ‘புரிஞ்சுக்குவீங்கன்னு நம்புறேன்’ என்று மூத்தவரிடம் சொன்னால், புரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பை அவர் தலையில் கட்டியது போல இருக்கும். எனவே ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் இருப்பது தமிழில் ஓரிடத்தில், காரணத்தைச் சொல்லி முடித்த பிறகு வந்தால் போதும்.

‘ஐ ஃபீல் டெரிபிள்’ என்பதற்குப் ‘பயங்கரமாக உணர்கிறேன்’ என்பது பேயைப் பார்த்தவர் பேச்சு. ‘மனசுக்கு ரொம்ப சங்கடமா இருக்கு’, ‘மனசே கேக்கல’ என்று மனசை முன்னால் வைத்துவிட்டால் உணர்ச்சி அளவாக வந்துவிடும். ‘ஈடுசெய்கிறேன்’ என்பதை முற்றாக விட்டுவிட வேண்டும். அதன் உட்பொருள் பிறகு வந்து பார்ப்பேன் என்பதுதானே? அதையே செயலாகச் சொல்லிவிடலாம். மொய்யை யாரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன் என்பதும் சேதியில் வரவேண்டாம். அது போய்ச் சேரும் வழியில் தானாகப் போய்ச் சேரட்டும்.

கடைசியில் வரிசை. ஆங்கிலம் மன்னிப்பில் தொடங்கி நல்வாழ்த்தில் முடிக்கிறது. தமிழில் முதல் வரி நலம் விசாரிப்பது. கல்யாண வீட்டுக்கு எழுதும் சேதி ‘வர முடியல’ என்று ஆரம்பிக்கக் கூடாது. வாழ்த்தில் முடிவது இரண்டுக்கும் பொது. வாழ்த்தும்போது வயதைப் பார்க்கவேண்டும். மணப்பெண்ணைவிட மூத்தவர் என்றாலும் இந்த இளைஞர் ‘ஆசி’ என்று எழுதும் இடத்தில் இல்லை, ‘வாழ்த்து’ போதும். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினால் சேதி ஏறக்குறைய இப்படி அமையும்:

“வணக்கம் மாமா. கல்யாண வேலையெல்லாம் நல்லபடியா நடக்குதா? அத்தை எப்படி இருக்காங்க? ஒரு விஷயம் சொல்லணும் மாமா. ஞாயித்துக்கிழமை எப்படியும் வந்துடணும்னுதான் டிக்கெட் எல்லாம் போட்டு வச்சிருந்தோம். இன்னிக்கு சாயங்காலம் திடீர்னு, ரெண்டு நாளும் எங்க டீம் மொத்தமும் ஆபீஸ்ல இருந்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், விடமாட்டேங்குறாங்க. அதனால நாங்க வர முடியாத மாதிரி ஆயிடுச்சு. நீங்களும் அத்தையும் அவ்வளவு தூரம் நேர்ல வந்து கூப்பிட்டீங்க, மனசுக்கு ரொம்ப சங்கடமா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமையே வந்துடுவாங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து பொண்ணு மாப்பிள்ளைய பாக்குறோம். தங்கச்சிக்கு எங்க வாழ்த்தைச் சொல்லுங்க. கல்யாணம் சிறப்பா நடக்கட்டும்.”

ஆங்கிலத்தைவிட நீளம்தான். அந்த நீளத்தைக் குறைக்கத் தோன்றும்போது, குறைக்கக் கூடாதவை நலம் விசாரிப்பும் அப்பா அம்மா வருவார்கள் என்ற வரியும். வீட்டிலிருந்து ஆள் வருகிறது என்பது பெரியவருக்குப் பாதி ஆறுதல்.

இதே ஆங்கிலச் சேதி அரசு அலுவலகத்தில் மேலதிகாரிக்குப் போவதானால், மேலே சொன்ன எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கே சம்பிரதாயமான விறைப்புதான் பணிவு. ‘பொருள்: தற்செயல் விடுப்பு வேண்டுதல்’ என்று தலைப்பிட்டு, ‘எனக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால் இன்று ஒரு நாள் தற்செயல் விடுப்பு வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. மனசு சங்கடப்படுவதற்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை. காய்ச்சலை ‘எனக்கு’ என்று சொல்வதையும் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் நோயாளி எழுவாயாக நிற்கிறார், தமிழில் நோய் அவருக்கு வந்து சேர்கிறது. பள்ளி விடுப்புக் கடிதத்திலிருந்தே நாம் பழகிய அமைப்பு என்பதால் இந்த வகைக் கடிதத்தில் தப்பு நேர்வது குறைவு.

நடையைச் சரிசெய்தாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. கல்யாணத்துக்கு வர முடியாத காரணம் வீட்டில் நடந்த சாவாக இருந்தால்? ஆங்கிலத்தில் ‘பாட்டி காலமாகிவிட்டார், அதனால் வர இயலவில்லை’ என்று நேராக எழுதுவார்கள். அப்படிச் சொல்லாமல் விடுவதுதான் அங்கே விசித்திரம். தமிழில் மங்கல வீட்டுக்கு அந்தச் சொல்லை எழுத்தில் அனுப்பப் பலரும் தயங்குவார்கள். தீட்டு பார்க்கும் வீடுகளில் அந்த நாட்களில் கல்யாணத்துக்குப் போவதும் வழக்கமில்லை. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்னாமல் ‘இயற்கை எய்தினார்’ என்பது இதில் மங்கலம். மணவீட்டுக்கு எழுதும்போது இந்த நயமான சொல்கூடக் கூடாது என்று நினைப்பவர்கள், ‘நாங்க இப்ப வர முடியாத நிலைமைல இருக்கோம் மாமா, விவரம் அப்புறமா நேர்ல சொல்றேன்’ என்று எழுதுவார்கள். மற்ற இடங்களில் மரியாதைக் குறைவாகத் தெரியும் மூடல் இங்கே மட்டும் மரியாதை ஆகிறது. எதிரில் இருப்பவரும் துருவமாட்டார், ‘நிலைமை’ என்ற சொல்லிலேயே புரிந்துகொள்வார். இப்படி ஆங்கிலச் சேதி கையில் வந்தால், மாற்றித் தருபவர் காரணத்தை எடுத்துவிடலாமா என்று எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். எல்லா வீடும் இதைப் பார்ப்பதில்லை, பார்க்காத வீட்டில் மறைத்தால் அதுவும் குறையாகிவிடும்.

எழுதியனுப்பிய சேதி வாய்வழியாகவும் பயணம் செய்யும். ஞாயிற்றுக்கிழமை பந்தியில் யாராவது ‘பையன் வரலையா?’ என்று அப்பாவைக் கேட்பார்கள். ‘ஆபீஸ்ல வேலையாம்’ என்று அவர் சொன்னால், அந்த ‘ஆம்’ கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், எனக்குப் பொறுப்பில்லை என்று தள்ளி நிற்கும். மகனின் காரணத்தைத் தகப்பனே முழுதாக நம்பவில்லை என்று கேட்பவர் காதில் விழும். ‘ஆபீஸ்ல விடல, பாவம், டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு உக்காந்திருக்கான்’ என்று சொன்னால் கேட்டவர் அடுத்த இலைக்குச் சாம்பார் வரச்சொல்லிவிட்டு விஷயத்தை அதோடு விட்டுவிடுவார். மகன் சேதியை அனுப்பிய கையோடு அப்பாவுக்கும் ஒரு போன் போட்டு, என்ன எழுதினேன் என்று படித்துக் காட்டிவிடுவது நல்லது.